நான்கு பக்கம் அளந்தால் போதுமா? கோணல் நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் வழி

உங்கள் மாமா காய்கறி பயிரிடுவதற்காக ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 2 ரிங்கிட். நிலத்துக்கு நான்கு மூலைகள் உண்டு. ஆனால் அது சதுரமும் இல்லை, செவ்வகமும் இல்லை. ஒரு பக்கம் சாலையை ஒட்டி வளைந்துபோன மாதிரி ஒரு கோணல் நாற்கரம்.

நிலத்துக்காரர் நாடாவைப் பிடித்து நான்கு பக்கங்களையும் அளக்கிறார். வரிசையாக 17 மீட்டர், 25 மீட்டர், 30 மீட்டர், 26 மீட்டர். பிறகு கைப்பேசியில் கணக்குப் போடுகிறார். "எதிர் எதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கணும். 17, 30 கூட்டினால் 47, பாதி 23.5. 25, 26 கூட்டினால் 51, பாதி 25.5. ரெண்டையும் பெருக்கினால் 599.25 சதுர மீட்டர். வருசத்துக்கு 1,198 ரிங்கிட் 50 சென்."

மாமா தலையாட்டிவிட்டு உங்களைப் பார்க்கிறார். "நீதான் படிவம் நான்கு படிக்கிறாயே, கணக்குச் சரிதானா?"

பெருக்கலில் தவறு இல்லை. அளந்த நீளங்களிலும் தவறு இல்லை. ஆனாலும் விடை தவறு. அந்த நிலத்தின் உண்மையான பரப்பளவு 546 சதுர மீட்டர்தான். மாமா கொடுக்க வேண்டிய வாடகை 1,092 ரிங்கிட். நூறு ரிங்கிட்டுக்கு மேல் எங்கிருந்து கூடியது? 546 என்ற எண் எப்படிக் கிடைத்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: முக்கோணத்தில்.

நான்கு குழல்களும் ஒரு சோதனையும்

முதலில் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். பானம் உறிஞ்சும் குழல்கள் நான்கை எடுத்து 8.5 செ.மீ., 12.5 செ.மீ., 15 செ.மீ., 13 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். இவை நம் நிலத்தின் பக்கங்களேதான். இரண்டு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று சுருக்கியிருக்கிறோம். இதே வரிசையில் குழல்களுக்குள் ஒரு நூலை நுழைத்து, இரு முனைகளையும் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். மேசைமேல் வைத்தால் ஒரு நாற்கரம் கிடைக்கும்.

இப்போது எதிரெதிர் மூலைகள் இரண்டை விரல்களால் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள், பிறகு வெளியே இழுங்கள். சட்டம் ஆடும். குழல்களின் நீளம் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. ஆனால் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. உள்ளே அடைபடும் இடமும் கூடிக் குறைகிறது.

இதை எண்களாகவும் பார்க்கலாம். நம் நிலத்தின் நான்கு பக்கங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, எதிரெதிர் மூலைகள் இரண்டுக்கு நடுவே உள்ள தூரத்தை, அதாவது மூலைவிட்டத்தை மட்டும் மாற்றினால் பரப்பளவு இப்படி மாறும்:

மூலைவிட்டம் 20 மீட்டர் என்றால் பரப்பளவு சுமார் 425 சதுர மீட்டர்.
மூலைவிட்டம் 28 மீட்டர் என்றால் பரப்பளவு 546 சதுர மீட்டர்.
மூலைவிட்டம் 34 மீட்டர் என்றால் பரப்பளவு சுமார் 579 சதுர மீட்டர்.

மூன்று நிலங்களுக்கும் வேலி போட அதே 98 மீட்டர் கம்பிதான் தேவைப்படும். பரப்பளவோ 150 சதுர மீட்டருக்கு மேல் வேறுபடுகிறது. ஆகவே நான்கு பக்கங்களை மட்டும் அளந்துவிட்டு "இதுதான் பரப்பளவு" என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தச் சூத்திரம் போட்டாலும் முடியாது. தேவையான தகவல் அந்த நான்கு எண்களில் இல்லை.

இப்போது 14 செ.மீ. நீளத்தில் ஐந்தாவது குழல் ஒன்றை வெட்டி, எதிரெதிர் மூலைகள் இரண்டுக்கு நடுவே குறுக்காகக் கட்டுங்கள். சட்டத்தைத் தள்ளிப் பாருங்கள். இனி அது அசையாது. காரணம் எளிது. நாற்கரம் இப்போது இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் முக்கோணத்தின் வடிவமும் முடிவாகிவிடும். வேறு எந்தப் பல்கோணத்துக்கும் இந்தக் குணம் இல்லை. கோணல் நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஐந்தாவது அளவு

நிலத்துக்குத் திரும்புவோம். நான்கு மூலைகளுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம். கதவு இருக்கும் மூலை க. சாலை விளக்குக் கம்பம் இருக்கும் மூலை ச. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மூலை த. பலா மரத்துக்கு அருகில் உள்ள மூலை ப. சுற்றி வந்தால் க–ச 17 மீட்டர், ச–த 25 மீட்டர், த–ப 30 மீட்டர், ப–க 26 மீட்டர்.

இப்போது கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை நிலத்துக்குக் குறுக்கே நாடாவைப் பிடித்து அளக்கிறோம். க–த 28 மீட்டர். இந்த ஓர் அளவைத்தான் நிலத்துக்காரர் எடுக்கவில்லை.

நிலம் இப்போது இரண்டு முக்கோணங்கள். சாலைப் பக்க முக்கோணத்தின் பக்கங்கள் 17, 25, 28. மரத்துப் பக்க முக்கோணத்தின் பக்கங்கள் 26, 28, 30. குறுக்குக் கோடான 28 இரண்டுக்கும் பொதுவானது.

மூன்று பக்கங்கள் மட்டும் தெரிந்த முக்கோணத்தின் பரப்பளவைக் காண ஹீரோனின் சூத்திரம் இருக்கிறது. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோன் 'மெட்ரிக்கா' என்ற தம் நூலில் இதை நிரூபித்துக் காட்டினார். முதலில் மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அதை s என்போம். பக்கங்கள் a, b, c என்றால்:

s = (a + b + c) / 2

பரப்பளவு = √[ s (s − a)(s − b)(s − c) ]

புதிய சூத்திரத்தை நம்புவதற்கு முன், விடை தெரிந்த ஒன்றில் அதைச் சோதிப்பது நல்லது. 3, 4, 5 பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தின் பரப்பளவு 3 × 4 ÷ 2 = 6. சூத்திரப்படி s = 6. ஆகவே 6 × 3 × 2 × 1 = 36, அதன் வர்க்கமூலம் 6. சரியாக இருக்கிறது.

சாலைப் பக்க முக்கோணம்:
s = (17 + 25 + 28) / 2 = 35
35 × 18 × 10 × 7 = 44,100
√44,100 = 210 சதுர மீட்டர்

மரத்துப் பக்க முக்கோணம்:
s = (26 + 28 + 30) / 2 = 42
42 × 16 × 14 × 12 = 1,12,896 அல்லது மலேசிய வழக்கப்படி 112,896
√112,896 = 336 சதுர மீட்டர்

இரண்டையும் கூட்டினால் 210 + 336 = 546 சதுர மீட்டர். படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று வர்க்கமூலம் முழு எண்ணாக வரும் நீளங்களைத் தேர்ந்திருக்கிறேன். உண்மையான நிலத்தில் 17.35, 28.12 என்றுதான் வரும். வழிமுறை ஒன்றுதான், கணிப்பானைத் தட்டினால் போதும்.

சராசரி முறை ஏன் எப்போதும் கூட்டியே சொல்கிறது?

நிலத்துக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று எண்ண வேண்டாம். எதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்குவது மிகப் பழைய பழக்கம். எகிப்தின் எட்ஃபு நகரிலுள்ள கோயிலில், கோயிலுக்குத் தானமாக வந்த வயல்களின் பரப்பளவை இந்த முறையில் கணக்கிட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயது. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிய நூலிலும் இந்த முறை இருக்கிறது. ஆனால் அவர் இதைத் தோராயமான பரப்பு என்றே சொன்னார். துல்லியமான பரப்புக்கு வேறொரு சூத்திரத்தைத் தனியாகக் கொடுத்தார்.

இந்த முறையின் பிழை ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் சொல்வதில்லை. எப்போதும் கூட்டியே சொல்லும். அதை நீங்களே நிரூபிக்கலாம்.

ஒரு முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் நீளம் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தரையில் கிடத்துங்கள். மற்றொன்றை ஒரு கதவுபோல அதன் முனையில் திருப்புங்கள். அது நேராக, செங்குத்தாக நிற்கும்போதுதான் முக்கோணத்தின் உயரம் மிக அதிகம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் உயரம் குறையும். ஆகவே அந்த முக்கோணத்தின் பரப்பளவு, இரண்டு பக்கங்களின் பெருக்கலில் பாதிக்கு மேல் ஒருபோதும் போகாது. இரு பக்கங்களுக்கும் இடையே செங்கோணம் இருந்தால் மட்டுமே அந்தப் பாதியைத் தொடும்.

இனி நிலத்தை இரண்டு விதமாகப் பிரிப்போம். முதலில் க–த கோட்டால் பிரித்தால் இரண்டு முக்கோணங்கள். ஒன்றில் 17, 25 பக்கங்கள் சந்திக்கின்றன. மற்றொன்றில் 30, 26. பிறகு ச–ப கோட்டால் பிரித்தால் வேறு இரண்டு முக்கோணங்கள். ஒன்றில் 25, 30 சந்திக்கின்றன. மற்றொன்றில் 26, 17. இந்த நான்கு முக்கோணங்களையும் சேர்த்துக் கூட்டினால் நிலத்தின் பரப்பளவைப்போல் இரண்டு மடங்கு வர வேண்டும், ஏனென்றால் முழு நிலத்தையும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறோம்.

நான்கு முக்கோணங்களும் தங்கள் உச்ச அளவைத் தொட்டால் என்ன கிடைக்கும்?

(17 × 25 + 30 × 26 + 25 × 30 + 26 × 17) / 2 = 2,397 / 2 = 1,198.5

இதில் பாதி 599.25. நிலத்துக்காரர் சொன்ன அதே எண்! அதாவது சராசரி முறை, நான்கு மூலைகளும் செங்கோணம் என்று தானே நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தால் அது செவ்வகம். அப்போது மட்டும் விடை சரியாக வரும். மற்ற எல்லா நிலங்களுக்கும் விடை கூடும். மூலைகள் எவ்வளவு சாய்கின்றனவோ அவ்வளவு கூடும்.

நம் மாமாவின் நிலத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 17, 25, 30, 26 பக்கங்களைக் கொண்டு எப்படித் தள்ளி இழுத்து வைத்தாலும் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரப்பளவு சுமார் 579 சதுர மீட்டர்தான். நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மீது அமையும்போது அந்த உச்சம் கிடைக்கும். பிரம்மகுப்தரின் துல்லியமான சூத்திரம் பொருந்துவதும் அத்தகைய நாற்கரத்துக்குத்தான். ஆகவே இந்தப் பக்கங்களுடன் 599 சதுர மீட்டர் கொண்ட நிலம் உலகில் எங்குமே இருக்க முடியாது.

எந்த மூலைவிட்டத்தை அளப்பது?

நாற்கரத்துக்கு இரண்டு மூலைவிட்டங்கள் உண்டு. நாம் க–த கோட்டை எடுத்தோம். ச–ப கோட்டை எடுத்திருந்தாலும் பரப்பளவு அதேதான் வரும். ச–ப தூரம் 39.05 மீட்டர். அதை வைத்து ஹீரோன் சூத்திரத்தைப் போட்டால் ஒரு முக்கோணம் 171, மற்றொன்று 375. கூட்டினால் மீண்டும் 546. கணக்கில் இரண்டும் சமம். ஆனால் களத்தில் அவை சமம் இல்லை.

171 சதுர மீட்டர் முக்கோணத்தைக் கவனியுங்கள். அதன் பக்கங்கள் 17, 26, 39.05. சிறிய பக்கங்கள் இரண்டையும் கூட்டினால் 43. அது 39.05ஐவிடச் சற்றே அதிகம். எனவே இந்த முக்கோணம் படுத்துக் கிடக்கும் ஒரு சப்பை முக்கோணம். இப்படிப்பட்ட முக்கோணத்தில் நீண்ட பக்கத்தைச் சற்றுத் தவறாக அளந்தாலும் உயரம் வெகுவாக மாறிவிடும்.

நாடா தொய்ந்துபோனதால் 20 செ.மீ. கூடுதலாக அளந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 39.05க்குப் பதில் 39.25 என்று எழுதுகிறீர்கள். அந்தச் சப்பை முக்கோணத்தின் பரப்பளவு 171இலிருந்து சுமார் 167.7க்கு இறங்கிவிடும். மூன்று சதுர மீட்டருக்கு மேல் போயிற்று. அதே 20 செ.மீ. பிழை க–த கோட்டில் நேர்ந்து 28க்குப் பதில் 28.2 என்று எழுதினால், சாலைப் பக்க முக்கோணம் 210இலிருந்து 210.4 ஆகும். அரை சதுர மீட்டர்கூட மாறவில்லை.

நில அளவையாளர்கள் இதற்கு ஒரு பொதுவிதி வைத்திருக்கிறார்கள். முக்கோணத்தின் எந்தக் கோணமும் 30 பாகைக்குக் குறையாமலும் 120 பாகைக்கு மேல் போகாமலும் இருக்கும்படி பிரிக்க வேண்டும். கோணமானி இல்லாமலே இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். ஊசிபோல் நீண்டோ பாய்போல் சப்பையாகவோ முக்கோணம் வந்தால் வேறு மூலைவிட்டத்தைத் தேடுங்கள்.

ஆறாவது அளவு: சரிபார்க்கும் கோடு

பரப்பளவு காண ஐந்து அளவுகள் போதும். ஆனால் ஐந்தில் ஒன்று தவறானால் அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. தவறான ஐந்து எண்களும் ஏதோ ஒரு நிலத்தைக் காட்டத்தான் செய்யும், கணிப்பானும் எதுவும் சொல்லாமல் விடையைக் கொடுக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஆறாவதாக ஒரு கோட்டையும் அளக்கிறார்கள். நம் நிலத்தில் அது ச–ப கோடு. இதைப் பரப்பளவு காணப் பயன்படுத்த வேண்டாம். சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க ஒரு தாள், அளவுகோல், கவராயம் போதும். 1 செ.மீ. என்பது 2 மீட்டர் என்று வைத்து, முதலில் 14 செ.மீ. நீளத்தில் க–த கோட்டை வரையுங்கள். கவராயத்தை 8.5 செ.மீ. விரித்து க-வில் ஊன்றி ஒரு வில் போடுங்கள். 12.5 செ.மீ. விரித்து த-வில் ஊன்றி இன்னொரு வில். இரண்டும் வெட்டும் இடம் ச. கோட்டின் மறுபக்கத்தில், க-விலிருந்து 13 செ.மீ., த-விலிருந்து 15 செ.மீ. விற்களைப் போட்டால் ப கிடைக்கும். இப்போது தாளில் ச–ப தூரத்தை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 19.5 செ.மீ. வரும். அதாவது 39 மீட்டர். களத்தில் அளந்தது 39.05. இரண்டும் பொருந்துகின்றன. உங்கள் ஐந்து அளவுகளையும் நம்பலாம்.

தவறு நடந்திருந்தால் என்ன ஆகும்? க–த கோட்டை அளக்கும்போது 28ஐ 26 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் வரைந்தால் தாளில் ச–ப சுமார் 20.1 செ.மீ. வரும், அதாவது 40 மீட்டருக்கு மேல். களத்தில் 39.05தான் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வந்தால் அது பென்சில் முனையின் தடிமனால் வந்தது இல்லை. நாடாவை எடுத்துக்கொண்டு மீண்டும் நிலத்துக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பிழையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் பரப்பளவு சுமார் 523 என்று வந்திருக்கும். இந்தத் தடவை இழப்பு நிலத்துக்காரருக்கு.

தாளில் வரைந்த படத்தால் இன்னொரு பயனும் உண்டு. ச-விலிருந்தும் ப-விலிருந்தும் க–த கோட்டுக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்து அளந்தால் 7.5 செ.மீ., 12 செ.மீ. வரும். நிலத்தில் அவை 15 மீட்டர், 24 மீட்டர். அடிப்பக்கம் பெருக்கல் உயரம், அதில் பாதி: 28 × 15 ÷ 2 = 210, 28 × 24 ÷ 2 = 336. ஹீரோன் சூத்திரம் மறந்துபோனாலும் விடை கிடைத்துவிட்டது.

சில பிழைகளைக் கணிப்பானே காட்டிக்கொடுக்கும். வர்க்கமூலம் எடுக்கும்போது பிழைச் செய்தி வந்தால் (s − a) போன்ற ஓர் எண் குறை எண்ணாகியிருக்கிறது என்று பொருள். இரண்டு பக்கங்களின் கூட்டல் மூன்றாவது பக்கத்தைவிடக் குறைவு. அப்படி ஒரு முக்கோணம் இருக்கவே முடியாது. ஏதோ ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

நாடாவைப் பிடிக்கும் விதம்

கணக்கில் வரும் பிழையைவிட நாடாவில் வரும் பிழையே அதிகம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு முளைக்குச்சி அடித்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள். வேலிக்கம்பத்தின் எந்தப் பக்கத்திலிருந்து அளந்தோம் என்ற குழப்பம் அப்போது வராது. சில நாடாக்களில் சுழியம் கொக்கியின் நுனியில் தொடங்கும். சிலவற்றில் சற்றுத் தள்ளித் தொடங்கும். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாடா செடியிலும் புதரிலும் தட்டி வளையாமல் இறுக்கமாக நேர்கோட்டில் போக வேண்டும். வளைந்த நாடா எப்போதும் தூரத்தைக் கூட்டியே காட்டும்.

நிலம் சரிவாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நிலப் பத்திரத்தில் எழுதப்படும் பரப்பளவு, மேலிருந்து நேராகப் பார்த்தால் தெரியும் சமதளப் பரப்பளவு. 10 பாகைச் சரிவில் தரையோடு ஒட்டி 25 மீட்டர் அளந்தால், சமதளத்தில் அது 24.6 மீட்டர்தான். எனவே சரிவில் ஒரே இழுப்பாக அளக்காமல், நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, படிக்கட்டில் இறங்குவதுபோலச் சிறு சிறு துண்டுகளாக அளந்து கூட்ட வேண்டும்.

ஐந்தாவது மூலை வந்தால்

மாமாவின் நிலத்தோடு சேர்த்து, பலா மரப் பக்கத்தில் இன்னொரு சிறு துண்டும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய மூலை ம. அங்கே ஒரு மின்கம்பம் நிற்கிறது. ப–ம 17 மீட்டர், ம–க 25 மீட்டர். பழைய ப–க கோடு, 26 மீட்டர், இப்போது நிலத்துக்குள்ளே ஓடும் குறுக்குக் கோடாகிவிட்டது. அதைத்தான் ஏற்கெனவே அளந்துவிட்டோமே.

s = (17 + 25 + 26) / 2 = 34
34 × 17 × 9 × 8 = 41,616
√41,616 = 204 சதுர மீட்டர்

மொத்தம் 546 + 204 = 750 சதுர மீட்டர். ஒரு மூலை கூடினால் ஒரு முக்கோணம் கூடுகிறது, இரண்டு அளவுகள் கூடுகின்றன. நான்கு மூலைக்கு இரண்டு முக்கோணங்கள், ஐந்து அளவுகள். ஐந்து மூலைக்கு மூன்று முக்கோணங்கள், ஏழு அளவுகள். எத்தனை மூலைகள் வந்தாலும் இப்படியே தொடரலாம்.

ஒரு மூலை வெளியே நீட்டாமல் உள்ளே குழிந்திருந்தால் கவனமாக இருங்கள். அந்த இடத்தில் குறுக்குக் கோடு நிலத்துக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்காரர் மண்ணில் போகும். அப்போது குழிவின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்து, குழிவே இல்லாததுபோல முழு நிலத்தையும் கணக்கிட்டுவிட்டு, குழிவான முக்கோணத்தைக் கழித்துவிட வேண்டும். கூட்ட வேண்டிய இடமா, கழிக்க வேண்டிய இடமா என்பதைப் படம் வரைந்தால்தான் தெளிவாகத் தெரியும்.

நடுவில் ஒரு குடிசையோ குளமோ இருந்து குறுக்கே நாடா போடவே முடியாவிட்டால், எல்லா மூலைகளையும் எட்டக்கூடிய ஓர் இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து, அங்கிருந்து ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தூரத்தை அளக்கலாம். அப்போது ஒவ்வொரு பக்கமும் ஒரு முக்கோணத்தின் அடிப்பக்கமாகிவிடும்.

வாடகை பேச, உரம் வாங்க, புல் விரிக்க இந்த முறை தாராளமாகப் போதும். ஆனால் எல்லைத் தகராறுக்கும் நிலம் விற்பதற்கும் நீங்கள் வரைந்த படம் செல்லாது. அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் வந்து எல்லைக் கற்களைக் கண்டுபிடித்து அளக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பள்ளித் தோட்டத்தின் பக்கங்கள் வரிசையாக 13, 14, 20, 25 மீட்டர். முதல் இரண்டு பக்கங்களையும் அடுத்த இரண்டு பக்கங்களையும் பிரிக்கும் மூலைவிட்டம் 15 மீட்டர். தோட்டத்தின் பரப்பளவு என்ன? சராசரி முறையில் போட்டால் எவ்வளவு கூடுதலாக வரும்?

விடை: முக்கோணங்கள் 84, 150. மொத்தம் 234 சதுர மீட்டர். சராசரி முறை 321.75 என்று சொல்லும். கூடுதல் 87.75 சதுர மீட்டர். இந்தத் தோட்டம் மாமாவின் நிலத்தைவிடச் சிறியது, ஆனால் பிழை பெரியது. ஏன் என்று படம் வரைந்து, மூலைகளின் கோணங்களைப் பாருங்கள்.